புரிந்தது, குழப்பம், வேகம் அதிகம்: ஆன்லைன் வகுப்புச் சாட்டில் மூன்று எமோஜிகள் போதும்

ஆன்லைனில் பாடம் நடத்த ஆரம்பிக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் நாளே கேட்டுவிடுகிற கேள்வி, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பதுதான். பதிலாக வருவது அமைதி. அதிகம் போனால் இரண்டு பேர் மைக்கைத் திறந்து "புரிஞ்சுது" என்பார்கள். அந்த இரண்டு பேரும் எப்போதும் பதில் சொல்கிற அதே இரண்டு பேர்.

நேரில் நடக்கும் வகுப்பில் இந்தக் கேள்வியே தேவைப்படாது. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிடும், ஒருவர் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார், இன்னொருவர் பலகையையே வெறித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தே வேகத்தைக் குறைத்துவிடலாம். திரையில் கேமரா அணைந்த கட்டங்களும் பெயர்களும் மட்டுமே இருக்கும்போது அந்தத் தகவல் முழுக்க அறுந்துபோகிறது. மைக்கைத் திறந்து "எனக்குப் புரியல" என்று இருபது பேர் முன்னால் சொல்ல பலருக்குத் துணிவு வராது. ஒரு எமோஜியைத் தட்டுவதற்கு அவ்வளவு துணிவு வேண்டாம். அறுந்த தகவலில் பெரும்பங்கை அதனால் மீட்டுவிட முடிகிறது, சரியாக ஏற்பாடு செய்தால்.

மிதந்து போவதும் ஒட்டி நிற்பதும்

எமோஜி ரியாக்‌ஷன் என்று சொன்னதும் பலர் நினைப்பது திரையில் பலூன் மாதிரி எழும்பி மறையும் கைதட்டலையும் இதயத்தையும்தான். ஜூமில் அப்படி அனுப்பும் கைதட்டல் சுமார் 10 விநாடியில் மறைந்துவிடும். கூகுள் மீட்டில் திரையோரமாக மேலே மிதந்து சில விநாடிகளில் காணாமல் போகும். யாராவது நன்றாகப் பேசி முடித்ததும் பாராட்ட அது நல்லது. "யாருக்குப் புரியவில்லை" என்று எண்ணிப் பார்க்க அது உதவாது. நீங்கள் திரையைப் பகிர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அது வந்துபோனதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

நமக்கு வேண்டியது சாட்டில் ஒரு செய்திக்குக் கீழே ஒட்டி நிற்கும் ரியாக்‌ஷன். ஆசிரியர் ஒரு வரி போடுகிறார். மாணவர்கள் அந்த வரியை அழுத்திப் பிடித்து, கணினியென்றால் அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய், ஒரு எமோஜியைத் தேர்கிறார்கள். செய்திக்குக் கீழே எமோஜியும் பக்கத்தில் எண்ணிக்கையும் தெரியும், வகுப்பு முடியும்வரை அங்கேயே இருக்கும். பெரும்பாலான சாட்களில் அந்த எமோஜியைத் தட்டினால் யார் யார் அதைப் போட்டார்கள் என்றும் தெரியும்.

ஜூமில் இன்னொரு வழியும் இருக்கிறது. Reactions பொத்தானுக்குள் பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் குறி, மெதுவாக, வேகமாக என்று சொல்லும் அம்புக்குறிகள் இருக்கும். கைதட்டல் போல இவை மறையாது, போட்டவரோ ஆசிரியரோ எடுக்கும்வரை பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் கணக்கின் அமைப்புகளில் Non-verbal feedback என்பதை ஆசிரியர் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். வேகத்தைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள இது நல்ல வழி. பாடத்தின் எந்த இடத்தில் சிக்கல் என்று தெரிய வேண்டுமென்றால் சாட்தான் நல்லது, காரணம் அங்கே ரியாக்‌ஷன் ஒரு குறிப்பிட்ட வரியோடு ஒட்டியிருக்கிறது.

மூன்றைத் தேர்ந்தெடுங்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள்

நான் பரிந்துரைப்பது இந்த மூன்று: ✅ புரிந்தது. ❓ குழப்பம். 🐢 வேகம் அதிகம்.

கட்டை விரலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 👍 என்றால் ஒருவருக்கு "புரிந்தது", இன்னொருவருக்கு "செய்தியைப் பார்த்துவிட்டேன்", மூன்றாமவருக்கு "சரி, மேலே போங்கள்". அன்றாடம் மூன்று விதமாகவும் பழகிப்போன ஒரு சின்னத்துக்கு வகுப்பில் மட்டும் ஒரே பொருள் கொடுத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. 🙏 விஷயமும் அதேதான், நன்றியா, வேண்டுகோளா என்று தெரியாது. 🤔 போட்டவர் குழம்பியிருக்கிறாரா, யோசித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாரா என்றும் சொல்ல முடியாது. ஆமைக்கு இந்தத் தொல்லை இல்லை. வகுப்புச் சாட்டில் ஆமையை வேறு எதற்கும் யாரும் போடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டை விரல், கைதட்டல் போன்ற கை எமோஜிகளுக்குத் தோல் நிறம் மாறும். சில செயலிகளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எண்ணுவதால் ஒரே பதில் மூன்று குவியல்களாகப் பிரிந்துவிடும். பச்சை வட்டம், சிவப்பு வட்டம் என்று வைத்துக்கொள்வதும் வேண்டாம். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாதவர்கள் வகுப்பில் இருக்கலாம். டிக், கேள்விக்குறி, ஆமை மூன்றும் நிறத்தை மறைத்தாலும் வடிவத்தாலேயே வேறுபடுகின்றன.

பழைய போன்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த எமோஜிகள் பழைய போனில் வெறும் கட்டமாகத் தெரியும். இந்த மூன்றும் 2010-ல் வந்த யூனிகோட் 6.0-லேயே இருப்பவை என்பதால் அந்தக் கவலை அநேகமாக இல்லை. சாட் சில எமோஜிகளை மட்டுமே ரியாக்‌ஷனாக விடுகிறதென்றாலும், ஒருவருக்கு ரியாக்‌ஷன் போடும் வசதியே வரவில்லை என்றாலும், 1, 2, 3 என்று தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கணினியில் எமோஜிப் பலகையைத் திறக்க, விண்டோஸில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி, மேக்கில் Control, Command, Space மூன்றும் சேர்த்து. போனில் விசைப்பலகையிலேயே சிரித்த முகம் இருக்கும்.

வகுப்பு தொடங்கியதும் சாட்டில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

```
✅ (1) புரிந்தது, மேலே போகலாம்
❓ (2) குழப்பம், வேறு மாதிரி சொல்லுங்கள்
🐢 (3) புரிகிறது, ஆனால் வேகம் அதிகம்
இந்தச் செய்திக்கே ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.
```

கடைசி வரி முக்கியம். எங்கே அழுத்த வேண்டும், எப்படிப் போடுவது என்பது பாடம் தொடங்குவதற்கு முன்பே கைக்குப் பழகிவிடும். யாருக்கு வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தாமதமாக உள்ளே வருகிறவர்களுக்குப் பல செயலிகளில் தாங்கள் வருவதற்கு முன்னால் போன செய்திகள் தெரியாது. அதனால் பத்து நிமிடம் கழித்து இதையே மறுபடி ஒட்டுவது நல்லது.

ஆமையும் கேள்விக்குறியும் ஒன்றல்ல

மூன்று சின்னங்களில் ஆசிரியர்கள் அதிகம் போட்டுக் குழப்பிக்கொள்வது இந்த இரண்டைத்தான். இரண்டையும் "புரியவில்லை" என்றே எடுத்துக்கொண்டு, சொன்னதையே இன்னொரு முறை சொல்லிவிடுகிறார்கள். அதனால் இரண்டு தரப்புக்கும் பயனில்லை.

ஆமை போட்டவருக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தில் குறை இல்லை. எழுதி முடிக்கவில்லை, அல்லது அவருடைய இணையம் தடுமாறி பாதி வாக்கியம் விட்டுப்போனது, அல்லது மனதில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும். அவருக்குத் தேவை நேரம். திரையை அப்படியே நிறுத்தி வைத்து நாற்பது விநாடி பேசாமல் இருந்தாலே போதும். இந்த மௌனம் புதிதாக நடத்துகிறவருக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து பேசாதீர்கள், நீங்கள் பேசினால் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைக் கேட்பார்.

கேள்விக்குறி போட்டவருக்கு நேரம் கொடுத்துப் பயனில்லை. அதே விளக்கத்தை மெதுவாகச் சொன்னால் அதே குழப்பம் மெதுவாக வரும். அவருக்கு வேறு உதாரணமோ வேறு வழியோ வேண்டும். அதற்கு முன்னால், எந்த இடத்தில் விட்டது என்று அவர் ஒரு வரி எழுத வேண்டும். மாணவர்களிடம் இதை விதியாகவே சொல்லுங்கள்: ❓ போட்டால், முடிந்தால், அந்தச் செய்திக்குப் பதிலாக ஒரே ஒரு வரி. "மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்றால் போதும். அதுகூட எழுதத் தெரியாத அளவு குழப்பம் என்றால் வெறும் ❓ மட்டும் இருக்கட்டும், அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு வகுப்பு, ஒரு கணக்கு

24 பேர் இருக்கும் ஓர் இயற்கணித வகுப்பை எடுத்துக்கொள்வோம். கணக்கு: 5 − 2(x − 3) = 1. ஆசிரியர் அடைப்புக்குறியை விரித்து 5 − 2x + 6 = 1 என்று எழுதியிருக்கிறார். இந்த இடத்தில்தான் வழக்கமாகப் பலர் தவறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் இங்கே நிறுத்தி, சாட்டில் ஒரு வரி போடுகிறார்: "படி 2: 5 − 2(x − 3) என்பது 5 − 2x + 6 ஆனது. ரியாக்‌ஷன் போடுங்கள்."

கவனித்துப் பாருங்கள், "எல்லாம் புரிந்ததா?" என்று அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு படியைப் பற்றிக் கேட்டார். "எல்லாம்" என்று கேட்டால் எதற்குப் பதில் சொல்வது என்றே மாணவருக்குத் தெரியாது. படியின் எண்ணோடு கேட்டால், பின்னால் சாட்டைத் திரும்பிப் பார்க்கும்போதும் எந்த ❓ எதற்கு வந்தது என்று தெரியும்.

அடுத்து 20 விநாடி காத்திருக்கிறார். இதற்குக் குறைவாக வேண்டாம். ஒலியும் படமும் மாணவரிடம் போய்ச் சேரவே கொஞ்சம் தாமதமாகும். போனில் பார்க்கிறவர் பாடத் திரையை விட்டுச் சாட்டைத் திறந்து, செய்தியைத் தேடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பலகை அவருக்குத் தெரியாமலும் போகலாம். ஐந்து விநாடியில் எண்ணிவிட்டு "சரி, எல்லாருக்கும் புரிஞ்சுது" என்று நகர்ந்தால், கணினியில் இருக்கிற, விரல் வேகமான சிலரின் பதில் மட்டுமே கணக்கில் வரும்.

20 விநாடி கழித்து: ✅ 12, ❓ 6, 🐢 3. மூன்று பேர் எதுவும் போடவில்லை.

பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது என்று மேலே போகத் தோன்றும். போகக் கூடாது. 24-ல் 6 என்றால் நால்வரில் ஒருவர். அடுத்த படிகள் எல்லாம் இந்தப் படியின் மேலேதான் நிற்கின்றன. நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: ❓ ஒன்றிரண்டு என்றால் அவர்களுக்கு வகுப்புக்குப் பின் தனியாக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால் எல்லோருக்கும் இப்போதே. இடையில் வந்தால், அடுத்த படி இதை நம்பியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறேன்.

ஆசிரியர் முதலில் ஆமைகளுக்காகத் திரையை அப்படியே விட்டு நாற்பது விநாடி காத்திருக்கிறார். அந்த இடைவெளியிலேயே ❓ போட்டவர்களில் ஒருவர் எழுதுகிறார்: "−6 தானே வரணும்?" இன்னும் இரண்டு பேர் "எனக்கும்" என்கிறார்கள். நேரில் நடந்திருந்தால் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இப்போது குழப்பம் எங்கே என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. −2 என்பதை x-ஓடு மட்டும் பெருக்கும்போது கழித்தல் குறியைச் சேர்த்துக்கொள்கிறார்கள், 3-க்கு வரும்போது அந்தக் குறியை மறந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் கழித்தலை அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

"கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்" என்று அவர் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியாயிற்று. திரும்பச் சொல்வதில் பொருளில்லை. வேறு வழி எடுக்கிறார்: "x = 3 என்று வைத்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் பூஜ்யம். அப்போ இடப்பக்கம் 5. இப்போ விரித்ததில் வையுங்கள். 5 − 6 + 6, அதுவும் 5. நீங்க சொன்ன −6 வைத்தால் 5 − 6 − 6, அது −7. ஒரே கோவை இரண்டு விடை தராது." பிறகு அதே செய்தியின் ரியாக்‌ஷனை மாற்றச் சொல்கிறார். வாட்ஸ்அப் போன்ற சாட்களில் ஒரு செய்திக்கு ஒருவர் ஒரு ரியாக்‌ஷன்தான் போட முடியும், புதியதைப் போட்டால் பழையது போய்விடும். ஒன்றுக்கு மேல் போட விடும் சாட்டாக இருந்தால், பழையதை ஒரு முறை தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆளின் ❓, ✅ இரண்டும் நின்று கணக்கு 24-ஐத் தாண்டிவிடும். கூட்டுத்தொகை வகுப்பின் எண்ணிக்கையை விட அதிகம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

✅ போட்டவர்களைச் சோதிப்பது

இனிமேல்தான் நிறையப் பேர் தவறவிடும் இடம். ✅ என்பது "எனக்குப் புரிந்ததாக நான் நினைக்கிறேன்" என்பது மட்டுமே. அது பொய் இல்லை, ஆனால் நிரூபணமும் இல்லை. அதோடு முதலில் விழும் ரியாக்‌ஷன் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகும். ஐந்து ✅ நிற்கிற இடத்தில் முதல் ❓ போட யாருக்கும் மனம் வராது, பெயர் வேறு தெரிகிறது.

அதனால் ஒரு பாடத்தில் ஒரு முறையாவது, எமோஜிக்குப் பதிலாகச் சின்ன விடை ஒன்றைக் கேட்க வேண்டும். நம் ஆசிரியர் கொடுப்பது: 7 − 3(x − 2) = 1. சரியாக விரித்தால் 13 − 3x = 1, x = 4. பழைய தவறைச் செய்தால் 1 − 3x = 1, x = 0. கணக்கை இப்படித் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. விடையைப் பார்த்ததும் யார் எந்தத் தவறு செய்தார் என்று தெரிந்துவிடும். விடையை எல்லோரும் பார்க்கும் சாட்டில் போடாமல் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறார். அந்த வசதி இல்லாத சாட் என்றால், விடையைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் வைத்திருந்து, ஆசிரியர் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒன்றாக அனுப்பலாம்.

19 பேர் 4 என்றார்கள், மூன்று பேர் 0, இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. 0 அனுப்பிய மூவரில் இருவர் முதல் சுற்றிலேயே ✅ போட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பெயர் சொல்லி எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அப்படி ஒரு முறை நடந்தால் அடுத்த வாரத்திலிருந்து யாரும் உண்மையான ரியாக்‌ஷன் போட மாட்டார்கள். தனிச் செய்தியில் "இரண்டாவது வரியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்றால் போதும்.

எதுவும் போடாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களைப் புரிந்தவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாட்டே திறக்காமல் இருக்கலாம், திரைவாசிப்பான் பயன்படுத்துபவராக இருக்கலாம், ரியாக்‌ஷன் போடும் மெனு அவருக்குக் கடினமாக இருக்கலாம். அப்படியானவருக்கு 1, 2, 3 என்று எழுதும் வழிதான் எளிது. இரண்டு சோதனைகளிலும் அமைதியாக இருந்தவரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பிறகு விசாரியுங்கள்.

மாணவராக இருந்தால்

முதலில் ரியாக்‌ஷனைப் போடுங்கள், பிறகு மற்றவர்கள் போட்டதைப் பாருங்கள். ஆசிரியர் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சாட்டில் கடைசியாக இருக்கும் படிச் செய்திக்கு 🐢 போட்டால் அவர் எப்போது திரும்பினாலும் அது அங்கே இருக்கும். இணையம் விட்டுவிட்டு வந்தால் ❓ போடாதீர்கள், 🐢 போட்டு "கேட்கவில்லை" என்று எழுதுங்கள். இல்லையென்றால் ஆசிரியர் தேவையில்லாமல் வேறு உதாரணம் தேடிக்கொண்டிருப்பார்.

எத்தனை முறை

40 நிமிட வகுப்புக்கு மூன்று அல்லது நான்கு படிச் செய்திகள் சரியாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் கை தானாகவே ✅-ஐத் தட்ட ஆரம்பித்துவிடும். அது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கேட்டு முடிக்கும் முன்பே, இரண்டே விநாடியில், பத்துப் பதினைந்து ✅ விழுந்தால் யாரும் படிக்காமலேயே தட்டுகிறார்கள். அப்போது எண்ணிக்கையைக் குறைத்து, உண்மையிலேயே தடுக்கி விழும் படிகளில் மட்டும் கேளுங்கள்.

ரியாக்‌ஷனைப் பார்த்ததும் பார்த்தேன் என்று வாயால் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். "ஆறு கேள்விக்குறி இருக்கு, வேற மாதிரி சொல்றேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். ஆமை போட்டு மூன்று முறை வேகம் குறையவில்லை என்றால் நான்காவது முறை யாரும் ஆமை போடுவதில்லை.

வகுப்பு முடிந்து சாட்டை மூடுவதற்கு முன், அதிக ❓ விழுந்த படியின் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூடியபின் சில செயலிகளில் சாட் கிடைக்காது, செய்திகளைச் சேமித்தாலும் ரியாக்‌ஷன்கள் அதில் வராமல் போகலாம். அடுத்த வகுப்பை அந்தப் படியிலிருந்து, அதே மாதிரி ஒரு புதுக் கணக்கோடு தொடங்குங்கள்.